நைட் ஷிஃப்டும் ஜன்னல் புதினாவும்

"ஷிஃப்ட் முடிந்து வந்ததும் தினமும் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் தூங்குகிறேன். ஆனாலும் புதினா மஞ்சளாகி வாடுகிறது. ஏன்?"

தினமும் ஊற்றுவதை நிறுத்துங்கள். பகலில் தூங்க கனமான திரை போடுவீர்கள்தானே? தொட்டி திரைக்கு உள்பக்கம் இருந்தால் செடிக்கு வெளிச்சமே இல்லை. வெளிச்சம் குறைந்தால் அது தண்ணீரும் குறைவாகவே குடிக்கும். மிச்சம் தேங்கி வேர் அழுகும்.

விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் அன்று ஊற்ற வேண்டாம்.

பெங்களூரு மடிவாளாவில் எனக்கும் இதே கதைதான். தொட்டியைத் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தள்ளினேன். மண்ணைப் பார்ப்பதை மாலை நாலு மணிக்கு, எழுந்தவுடன் என்று மாற்றினேன். அதற்காகத் திரையை விலக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பெல்லாம் இருட்டிலேயே போனைப் பார்த்துக்கொண்டு ஆறு மணி வரை படுத்திருப்பேன். மூன்றாம் வாரம் துளிர் வந்தது. அப்புறம் நாலு இலை கிள்ளி டீயில் போடுவது, டீ இருக்கிறதே என்று இரண்டு தோசை ஊற்றுவது... வேலைக்குப் பட்டினியாகக் கிளம்புவது எப்போது நின்றது என்றே தெரியவில்லை.

ஒன்று மட்டும்: தண்டின் அடி கறுத்துக் கொழகொழவென்று இருந்தால் அந்தச் செடி தேறாது. நுனியில் நல்ல தண்டாக விரல் நீளம் வெட்டி, கீழ் இலைகளை உருவிவிட்டு, தண்ணீர் டம்ளரில் வையுங்கள். பத்துப் பதினைந்து நாளில் வேர் விடும்.