வாடகை ஒப்பந்தத்தில் தமிழுக்கு வராத சொற்கள்

கேள்வி: சென்னையில் 11 மாத ஒப்பந்தத்தில் வீடு எடுக்கிறோம். பத்திரம் முழுக்க ஆங்கிலம். கையெழுத்துப் போடப்போவது அப்பா. அவருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். நானே மொழிபெயர்க்கிறேன். ‘லாக்-இன் பீரியட்’, ‘ஃபேர் வேர் அண்ட் டேர்’, ‘இன்டெம்னிஃபை’ ஆகிய மூன்றுக்கும் சரியான தமிழ்ச்சொல் அகப்படவில்லை. தமிழ் எழுத்தில் அப்படியே போட்டுவிடலாமா?

பதில்: போடலாம். ஆனால் முதன்முறை வரும் இடத்திலேயே அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதிவிட வேண்டும். அதன்பின் பத்திரம் முழுக்க அதே சொல்தான். ஓரிடத்தில் ‘லாக்-இன்’, வேறிடத்தில் ‘கட்டாயக் காலம்’ என்று எழுதினால், இரண்டும் வேறு வேறு என்று வாசிப்பவர் நினைக்க இடமுண்டு.

லாக்-இன் பீரியட் என்றால் ஒப்பந்தத்தை இடையில் முடிக்கக் கூடாத தொடக்கக் காலம். இதில் சொல்லைவிட எழுவாய்தான் முக்கியம். தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது நமக்குப் பழக்கம். ‘முதல் 6 மாதங்களில் ஒப்பந்தத்தை முடிக்கக் கூடாது’ என்று எழுதினால், முடிக்கக் கூடாதவர் யார்? ஆங்கிலத்தில் வாடகைதாரர் மட்டும் என்றிருக்கலாம், இரு தரப்பும் என்றும் இருக்கலாம். அதைப் பார்த்து ஆளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். வாடகை 15,000 ரூபாய், லாக்-இன் 6 மாதம், நோட்டீஸ் ஒரு மாதம் என்று வைத்துக்கொள்வோம். நான்காம் மாத முடிவில் காலி செய்தால் மீதி 2 மாத வாடகையான 30,000 ரூபாயைக் கேட்கலாம் என்று பத்திரம் சொல்கிறதென்றால், தமிழில் இப்படி இருக்கட்டும்: ‘வாடகைதாரர் முதல் 6 மாதங்களுக்குள் காலி செய்தால், ஒரு மாத நோட்டீஸ் கொடுத்திருந்தாலும், அந்த 6 மாதத்தில் மீதமுள்ள மாதங்களுக்கான வாடகையைக் கொடுக்க வேண்டும்.’ நோட்டீஸ் கொடுத்தால் போதும் என்று நினைத்து மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். அதனால் அந்த நடுத்துண்டை விட்டுவிடாதீர்கள்.

ஃபேர் வேர் அண்ட் டேருக்கு ‘தேய்மானம்’ என்று போடத் தோன்றும். கணக்கு வழக்கில் அந்தச் சொல் பொருளின் மதிப்புக் குறைவதைக் குறிக்கிறது, இங்கே சொல்வது அதுவல்ல. ஒழுங்காகக் குடியிருந்தாலே வீட்டில் தானாக ஏற்படும் பழமையைத்தான் சொல்கிறார்கள்: வெயிலில் வெளுத்த சுவர், தளர்ந்த குழாய் வாஷர், நடந்து மங்கிய தரை. உடைந்த வாஷ்பேசின் இதில் சேராது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 108-ஆம் பிரிவிலும், வீட்டை நல்ல நிலையில் திருப்பித்தர வேண்டிய கடமையிலிருந்து இந்தப் பழமைக்கு விலக்கு உண்டு. மொழிபெயர்ப்பில் பெரும்பாலும் தொலைந்துபோவது இந்த விலக்குதான். ‘பெற்ற நிலையிலேயே ஒப்படைக்க வேண்டும்’ என்று எழுதிவிட்டால், மங்கிய பெயிண்டுக்கும் அட்வான்ஸில் பிடித்துக்கொள்ள வழி திறந்துவிடும். ‘சாதாரணமாகப் புழங்கியதால் வந்த பழமை நீங்கலாக’ என்று முழுதாக எழுதுங்கள். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை கழிக்கப்படும் என்று தனி ஷரத்து இருந்தால் அது இந்த விலக்கோடு மோதும். அதை மொழிபெயர்ப்பில் மழுப்பாமல், கையெழுத்துக்கு முன்பே வீட்டுக்காரரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

மூன்றில் ஆபத்தானது இன்டெம்னிஃபை. ‘நஷ்டஈடு தர வேண்டும்’ என்று எழுதினால், உடைத்ததற்குக் காசு கொடுப்பது என்று அப்பா புரிந்துகொள்வார். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 124, 125-ஆம் பிரிவுகளில் இதன் வீச்சு பெரியது. உங்கள் வாஷிங் மெஷின் குழாய் கழன்று கீழ்வீட்டுச் சீலிங் நனைந்துவிட்டது, கீழ்வீட்டார் வழக்குப் போட்டது வீட்டுக்காரர் மீது என்று வையுங்கள். அவர் கட்ட நேரும் தொகையோடு, நியாயமான வழக்குச் செலவும் உங்கள் தலையில் விழலாம். ‘இழப்பீட்டுறுதி’ என்ற சொல் சட்ட நூல்களில் இருக்கிறது. ஆனால் வாசிப்பவருக்கு அது தனியாக எதையும் சொல்லாது. ‘வாடகைதாரரின் செயலாலோ கவனக்குறைவாலோ மூன்றாம் ஆள் வீட்டுக்காரரிடம் பணம் கேட்டால், அந்தப் பணத்தையும் வழக்குச் செலவையும் வாடகைதாரரே ஏற்பார்’ என்று விரித்தெழுதுங்கள். ஆங்கிலத்தில் ‘கவனக்குறைவு’ என்ற வரம்பே இல்லையென்றால் நீங்களாகச் சேர்க்கக் கூடாது. வீட்டுக்காரரிடம் கேட்டு ஆங்கிலத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பத்திரத்தில் ‘லீஸ்’ என்றிருந்தால் அப்படியே எழுத வேண்டாம். நம்மூரில் லீஸ் என்றால் பெருந்தொகை கொடுத்து மாத வாடகையில்லாமல் குடியிருப்பது. மாத வாடகை கொடுக்கிறீர்கள் என்றால் ‘வாடகை’ என்பதே சரி.

தமிழ்ப் பிரதியில் அப்பா கையெழுத்துப் போட வேண்டாம். ‘புரிந்துகொள்வதற்கான மொழிபெயர்ப்பு மட்டும், கையெழுத்தாகும் பத்திரம் ஆங்கிலத்தில் உள்ளது’ என்று அதன் தலைப்பிலேயே எழுதுங்கள். இரு மொழியிலும் கையெழுத்தாக வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டால், முரண் வந்தால் எந்த மொழி செல்லும் என்ற வரி இரண்டு பிரதிகளிலும் இருக்க வேண்டும்.