மைன்கிராஃப்ட்: நண்பனின் சர்வர் ஏன் உள்ளே விட மறுக்கிறது?

நேற்று இரவு வரை விளையாடினோம். இன்று `Incompatible client! Please use 1.20.1` என்று வருகிறது. நாங்கள் எதையும் மாற்றவில்லை.

நீங்கள் மாற்றவில்லை, லாஞ்சர் மாற்றிவிட்டது. `Latest Release` என்பதைத் தேர்ந்து வைத்திருந்தால், புதுப் பதிப்பு வந்த அன்றே அது தானாக ஏறிவிடும்; சர்வர் பழைய இடத்திலேயே நிற்கும். மல்டிபிளேயர் பட்டியலைப் பாருங்கள். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எண் வரும் இடத்தில் சர்வரின் பதிப்பு சிவப்பில் தெரியும். `Installations` போய், `New installation` அழுத்தி, பதிப்பாக 1.20.1 தேர்ந்து, இனி அதிலிருந்தே திறங்கள். முதலில் `saves` ஃபோல்டரை நகல் எடுங்கள்.

நான் 1.20, சர்வர் 1.20.1. சேர முடியுமா?

மாட் இல்லையென்றால் முடியும். இரண்டும் பேசும் நெட்வொர்க் நெறிமுறை ஒன்றே (எண் 763). 1.20.2-இல் அது மாறிவிட்டது, அங்கே கதவு மூடிவிடும்.

போனில் வைத்திருக்கிறேன். அண்ணன் கம்ப்யூட்டரில் ஜாவா. இருவரும் ஒரே அப்டேட் போட்டும் சேர முடியவில்லை.

அப்டேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போனில் இருப்பது பெட்ராக், அது வேறு விளையாட்டு. இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. கெய்சர் என்ற பாலம் ஜாவா சர்வரில் போட்டால் சாதாரண உலகத்துக்குள் வரலாம்; மாட் போட்ட உலகம் என்றால் ஆசையை விட்டுவிடுங்கள்.

எங்கள் இருவருக்கும் ஒரே மாட்தான், சத்தியமாக. ஆனாலும் ஃபோர்ஜ் உள்ளே விடவில்லை. என்ன செய்வது?

"ஒரே மாட்தான்" என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேர் ஃபைல் பெயரைப் பார்ப்பதே இல்லை. இவர் அனுப்பிய படமும் பாதியில் வெட்டப்பட்டது. நல்லவேளை, இரு ஃபோல்டர்களின் பட்டியலையும் கேட்டு வாங்கினேன். சர்வரில் `create-1.20.1-0.5.1.j.jar`. இவரிடம் `create-1.20.1-6.0.6.jar`. இருவரும் "கிரியேட் மாட் இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள், பொய்யும் இல்லை. ஆனால் பெயரில் முதலில் வரும் 1.20.1 விளையாட்டின் பதிப்பு. அதற்குப் பின்னால் வருவதுதான் மாட்டின் பதிப்பு. அதைத்தான் ஒப்பிட வேண்டும்.

ஃபோர்ஜ் இணையும்போது இரு பக்கமும் மாட் விவரங்களைப் பரிமாறிக்கொள்ளும். மாட் தன் நெட்வொர்க் பதிப்பு பொருந்தவில்லை என்றால் அங்கேயே மறுக்கும். மறுக்கும் திரையில் எந்த மாட் இல்லை, எது பொருந்தவில்லை என்று பெரும்பாலும் எழுதியே இருக்கும். அதை வாசிக்காமல் மூடிவிட்டு எனக்கு எழுதுகிறார்கள்! திரை போய்விட்டால் `logs` ஃபோல்டரில் `latest.log` திறந்து கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்.

விண்டோஸில் இருவரும் கமாண்ட் ப்ராம்ப்டில் இதை ஓட்டுங்கள்:

```
dir /b "%appdata%\.minecraft\mods" > mods.txt
```

இரு `mods.txt`-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுபது மாட் இருந்தாலும் ஐந்து நிமிட வேலை.

இவர் அடுத்துக் கேட்டது: "சர்வரையும் 6.0-க்கு ஏற்றிவிடட்டுமா?" வேண்டாம். சர்வரில் 0.5.1-க்கென்று எழுதிய துணை மாட்கள் நாலைந்து இருக்கின்றன. 6.0 போட்டால் அவை பெரும்பாலும் தொடங்கும்போதே விழும். சர்வர் எதில் ஓடுகிறதோ அதற்கு விளையாடுகிறவர்தான் இறங்கி வர வேண்டும். ஆளாளுக்குத் தளத்துக்குப் போய் "லேட்டஸ்ட்" இறக்கிக்கொள்வதே இந்தத் தொல்லையின் வேர். சர்வர் வைத்திருப்பவர் ஒரே ஆள் பொறுப்பெடுத்து, ப்ரிஸம் லாஞ்சரிலிருந்து `.mrpack` ஆக ஏற்றுமதி செய்து அனுப்பட்டும். அதில் மாட் எங்கே இருக்கிறது, அதன் ஹாஷ் என்ன என்று பதிந்திருக்கும், மற்றவர்களுக்கு அதே ஃபைல்தான் இறங்கும். ஜிப்பாக அனுப்பினால், பழைய `mods` ஃபோல்டரைக் காலி செய்த பிறகே போடுங்கள். மேலே ஒட்டினால் பழையதும் புதியதும் அருகருகே கிடக்கும்.

ஜர்னிமேப் எனக்கு மட்டும் போட்டிருக்கிறேன். அதனால்தான் மறுக்கிறதா?

இல்லை. வரைபடம், வெளிச்சம், வேகம் போன்றவை உங்கள் திரையோடு முடிந்துவிடும். புது பிளாக், புதுப் பொருள் சேர்க்கும் மாட்தான் இரு பக்கமும் வேண்டும்.

உலகத்தை 1.21-இல் திறந்துவிட்டோம். இப்போது எல்லோரும் 1.20.1-க்குத் திரும்பலாமா?

அந்த உலகத்தோடு திரும்ப முடியாது. புதிய பதிப்பு ஃபைல்களை மாற்றி எழுதிவிடும், பழையது அதைச் சரியாக வாசிக்காது. திறப்பதற்கு முன் எடுத்த நகல் இருந்தால் அதைப் போடுங்கள். `saves` ஃபோல்டரை நகல் எடுங்கள் என்று மேலே சொன்னது இதற்குத்தான். நகல் இல்லையென்றால் சர்வரை 1.21-க்கு ஏற்றி எல்லோரும் அங்கே போவதுதான் வழி.