கணித ஆசிரியரைத் தெரிவு செய்யும் புள்ளித்தாள்

கேள்வி: உப்புவெளிப் பக்கம் தரம் 8 முதல் 11 வரையான பிள்ளைகளுக்கு ஒரு மாலை நேரக் கல்வி நிலையம் நடத்துகிறோம். எங்கள் கணித ஆசிரியர் விலகிவிட்டார், அந்த இடத்துக்கு ஆறு பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். அதில் ஒருவர் எங்கள் தலைவரின் தங்கை மகள். போன தடவை நேர்முகத்தில் “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டுவிட்டு, நன்றாகப் பேசியவரை எடுத்தோம், அது ஊரில் பெரிய கதையானது. இந்த முறை என்ன கேட்பது, எப்படிப் புள்ளி போடுவது? யாரும் குறை சொல்ல முடியாதபடி செய்ய வேண்டும்.
செயலாளர், திருகோணமலை

பதில்: யாரும் குறை சொல்லாத தெரிவு எந்த ஊரிலும் கிடையாது. ஆனால் குறை சொல்ல வருபவரிடம் தாளை எடுத்து நீட்டி “இதோ பாருங்கள்” என்று சொல்லக்கூடிய தெரிவு இருக்கிறது. அதற்கு முதல் வேலை தலைவரிடம் பேசுவது. அவர் “நான் சும்மா இருப்பேன், புள்ளி போடமாட்டேன்” என்பார். அது காணாது. அறைக்குள் தலைவர் இருந்தால் மற்ற இருவரின் பேனை தானாக வளையும், வளையாவிட்டாலும் வளைந்தது என்றுதான் ஊர் சொல்லும். அவர் கேள்வி தயாரிப்பதிலும் இருக்கக்கூடாது, நேர்முகத்திலும் இருக்கக்கூடாது. அவருடைய இடத்துக்கு வெளியிலிருந்து ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரைக் கேளுங்கள், மூன்று பேர் போதும். தங்கை மகளுக்கும் இதுதான் நல்லது, தெரிவானால் மாமா போட்டது என்ற பேச்சு அவரைத் தொடராது.

அடுத்து, தகைமைக்குப் புள்ளி போடாதீர்கள். பட்டத்துக்கு 10, அனுபவம் ஒரு வருடத்துக்கு 2 என்று போட ஆரம்பித்தால் வயதில் மூத்தவர் வாய் திறக்கும் முன்பே வென்றுவிடுவார். குறைந்தபட்சத் தகைமை என்ன என்று முதலில் தீர்மானியுங்கள், உதாரணமாக உயர்தரத்தில் இணைந்த கணிதம் சித்தி அல்லது கல்வியியற் கல்லூரியில் கணித டிப்ளோமா. அது இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. அதற்குப் பிறகு எல்லாரும் ஒரே கோட்டிலிருந்து ஓடட்டும்.

இப்போது புள்ளித்தாள். நான்கு வரிகள் போதும்: அரை மணி நேர எழுத்து வேலை, பிள்ளைகளின் பிழையை ஆராய்வது, மாதிரிப் பாடம், வகுப்பை நடத்துவது பற்றிய கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி. அதை முறையே 4, 5, 8, 3 ஆல் பெருக்கினால் மொத்தம் 100 வரும். மாதிரிப் பாடத்துக்கு 8 ஏன் என்றால், நீங்கள் எடுக்கப் போவது படிப்பிக்க ஒருவரை, பேச ஒருவரை அல்ல. இந்த எண்களை நீங்கள் மாற்றலாம், ஆனால் விண்ணப்பங்களைப் பிரிக்கும் முன்பே மாற்றிக் கையெழுத்து வைத்துவிடுங்கள், பிறகு தொடக்கூடாது.

எழுத்து வேலை சுருக்கமானது. சாதாரண தரத் தரத்தில் மூன்று கணக்குகள் கொடுங்கள், அதில் ஒன்றுக்குப் புள்ளித்திட்டமும் எழுதச் சொல்லுங்கள். தாளில் பெயருக்குப் பதில் இலக்கம் இருக்கட்டும், திருத்துபவருக்கு அது யாருடையது என்று தெரியவேண்டாம்.

உண்மையான வித்தியாசம் தெரிவது பிழை ஆராய்வில்தான், இதைத்தான் பெரும்பாலான நேர்முகங்களில் விட்டுவிடுகிறார்கள். ஒரு பிள்ளையின் கொப்பியில் இருப்பது போல இப்படி எழுதிக் கொடுங்கள்: 2/3 + 1/4 = 3/7. “இந்தப் பிள்ளை என்ன நினைத்து இப்படிச் செய்திருக்கும்? நீங்கள் அடுத்து என்ன செய்வீர்கள்?” என்று எல்லாரிடமும் இதே சொற்களில் கேளுங்கள். “பிழை, பொதுப் பகுதியெண் எடுக்க வேண்டும், விடை 11/12” என்பவருக்குக் கணக்குத் தெரியும், அவ்வளவுதான், 2 போடுங்கள். தொகுதியெண்ணைத் தனியாகவும் பகுதியெண்ணைத் தனியாகவும் கூட்டியிருக்கிறது என்று பிழையின் வழியைக் காட்டி, படம் போட்டு விளங்கப்படுத்துபவருக்கு 3 அல்லது 4. 5 யாருக்கு? “மூன்றில் இரண்டு என்பது பாதிக்கு மேல், ஏழில் மூன்று பாதிக்குக் கீழே, கூட்டின பிறகு எப்படிக் குறைந்தது என்று பிள்ளையிடமே கேட்பேன்” என்று சொல்பவருக்கு. இன்னும் ஒரு படி போய், ஒரு தாளில் 3க்கு 2, இன்னொரு தாளில் 4க்கு 1 எடுத்தால் மொத்தம் 7க்கு 3 என்பது பரீட்சைப் புள்ளியில் சரிதானே, பிள்ளை அதிலிருந்து பழகியிருக்கலாம் என்று ஒருவர் சொன்னால் அவரை விட்டுவிடாதீர்கள். (புள்ளியைக் கூட்டும்போது முழுதும் மாறுகிறது, பின்னத்தைக் கூட்டும்போது முழு ஒன்றேதான், குழப்பம் அங்கேதான்.)

இரண்டாவது பிழை, மேல் வகுப்புக்கு: x² = 5x என்பதில் இரண்டு பக்கமும் x ஆல் வகுத்து x = 5 என்று பிள்ளை எழுதியிருக்கிறது. இங்கே x = 0 காணாமல் போய்விட்டது. இதைக் கவனிக்காமல் “சரிதானே” என்பவரும் இருப்பார், அவருக்கு 0. பூச்சியம் ஏன் தொலைந்தது என்று விளக்கத் தெரியாமல், x² − 5x = 0 என்று எழுதிக் காரணிப்படுத்து என்று செய்முறையை மட்டும் சொல்பவருக்கு 2. x பூச்சியமாக இருக்கலாம் என்பதால் அதால் வகுக்கக்கூடாது என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்க வழி சொல்பவருக்கு 4க்கு மேல். இரண்டு பிழைக்கும் கிடைத்ததன் சராசரிதான் அந்த வரியின் புள்ளி. 0க்கு, 2க்கு, 5க்கு எப்படிப்பட்ட விடை என்பதைப் புள்ளித்தாளிலேயே ஒவ்வொரு வசனமாக எழுதிவைக்க வேண்டும். அது இல்லாத தாளில் 4 என்பதற்கு ஒருவர் “நல்லது” என்றும் இன்னொருவர் “பரவாயில்லை” என்றும் பொருள் கொள்வார்கள்.

மாதிரிப் பாடத்தில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஆறு பேரும் ஒரே பாடத்தை ஒரே பிள்ளைகளுக்குப் படிப்பித்தால், ஆறாவது ஆள் வரும்போது பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும், அவர் பெரிய ஆசிரியர் போலத் தெரிவார். அதனால் முப்பது பிள்ளைகளை ஐந்து ஐந்தாகப் பிரியுங்கள், போன தவணைப் புள்ளியைப் பார்த்து ஒவ்வொரு குழுவிலும் கெட்டிக்காரப் பிள்ளையும் தடுமாறும் பிள்ளையும் வரும்படி. எந்தக் குழு யாருக்கு என்பது சீட்டுக் குலுக்கலில் தீரட்டும். பாடம் எல்லாருக்கும் ஒன்று, மூன்று நாள் முன்பு சொல்லிவிடுங்கள்: அடைப்புக்குறி நீக்கல், முன்னால் சயக்குறி இருக்கும்போது. ஆளுக்குப் பதினைந்து நிமிடம். முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு துண்டுத்தாளில் 10 − 3(x − 2) கொடுங்கள். 16 − 3x வந்தால் சரி. 4 − 3x என்று வந்தால் பிள்ளைக்குச் சயக்குறி புரியவில்லை, 7x − 14 என்று வந்தால் 10இலிருந்து 3ஐ முதலிலேயே கழித்துவிட்டது, அது வேறு பிழை. ஐந்து பிள்ளைகளின் விடையை வைத்து மட்டும் புள்ளி போடாதீர்கள், எண்ணிக்கை மிகச் சிறியது. மூன்று பேரும் கவனித்ததற்கு அது துணை. நீங்கள் கவனிக்க வேண்டியது, ஒரு பிள்ளை பிழையாகச் சொன்னவுடன் ஆசிரியர் என்ன செய்தார் என்பது. “வேற யார்?” என்று தாண்டிப் போனாரா, நின்று கேட்டாரா? அழகான கையெழுத்து, கணீரென்ற குரல், நகைச்சுவை எல்லாம் மனதைக் கவரும், ஆனால் தாளில் அவற்றுக்கு இடமில்லை.

கடைசி வரிக்கு வந்தால், “ஒழுங்கை எப்படிக் காப்பீர்கள்” என்று பொதுவாகக் கேட்காதீர்கள், எல்லாரும் அன்பும் கண்டிப்பும் என்றுதான் சொல்வார்கள். “தரம் 10 வகுப்பில் நான்கு பேர் முதல் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள், ஆறு பேர் தொடங்கவே இல்லை, நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். கலியாணம், பிள்ளை, சமயம், உடை, எந்த ஊர்ப் பேச்சு என்பதெல்லாம் கேட்கவே வேண்டாம். மூதூரிலிருந்து விண்ணப்பித்தவரிடம் மட்டும் “எப்படி வந்து போவீர்கள்” என்பார்கள், கிண்ணியாப் பாலம் திறந்து எத்தனை வருடம்! உங்களுக்குத் தெரிய வேண்டியது, கிழமை நாட்களில் மாலை 3.30க்கு வகுப்பில் நிற்க முடியுமா என்பதுதான். அதை ஆறு பேரிடமும் கேளுங்கள், ஆம் அல்லது இல்லை, புள்ளி கிடையாது.

புள்ளி போடும் நேரத்தில்தான் பல குழுக்கள் கெட்டுப் போகின்றன. ஒவ்வொரு விண்ணப்பதாரியும் வெளியே போனவுடன், ஒரு வார்த்தையும் பேசாமல் மூவரும் தனித்தனியாகப் போட்டு, ஏன் என்று ஒரு வரி எழுதி, தாளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். “ஆள் கெட்டிதானே” என்று ஒருவர் முதலில் சொன்னால் மற்ற இரண்டு பேனையும் அந்தப் பக்கம் போகும். எல்லாரையும் பார்த்து முடித்து மாலையில் போடலாம் என்றும் நினைக்காதீர்கள், அப்போது முதலாமவரும் கடைசியானவரும்தான் நினைவில் நிற்பார்கள்.

ஒரு கணக்குப் பாருங்கள். ஒருவருக்கு நான்கு வரிகளிலும் 5, 2, 3, 4. மற்றவருக்கு 4, 4, 4, 3. சும்மா கூட்டினால் 14உம் 15உம், ஏறத்தாழச் சமம். பெருக்கிக் கூட்டினால் முதலாமவர் 20 + 10 + 24 + 12 = 66, இரண்டாமவர் 16 + 20 + 32 + 9 = 77. எழுத்தில் வென்றவர் பின்னுக்குப் போனதற்குக் காரணம் தாளிலேயே இருக்கிறது, யாரும் கேட்டால் சொல்லலாம்.

ஆனால் சராசரியும் ஏமாற்றும். மாதிரிப் பாடத்துக்குப் புள்ளி போடும் மூவரில் இரண்டு பேர் முதலாமவருக்கு 3உம் இரண்டாமவருக்கு 4உம் போட்டிருக்க, மற்றவர் முதலாமவருக்கு 5, இரண்டாமவருக்கு 1 என்று போடுகிறார் என்று வையுங்கள். மூவரில் இருவர் இரண்டாமவர்தான் நல்லவர் என்கிறார்கள், ஆனாலும் முதலாமவர் அந்த வரியில் மட்டும் 5 புள்ளிக்கு மேல் முந்திவிடுவார். ஒரே ஆள் தெரிவை முடித்துவிட்டார். அதனால் எந்த வரியிலும் ஒரே விண்ணப்பதாரிக்குப் புள்ளி போட்ட இருவருக்கிடையே 2 அல்லது அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் நிறுத்துங்கள், எழுதிவைத்த காரணத்தை இருவரும் வாசிக்கட்டும். கண்ட விடயம் ஒன்றும் எழுதாமல் “என்னமோ பிடிக்கவில்லை” என்றால் அந்த 1 நிற்காது. மாற்ற விரும்புபவர் பழைய எண்ணை ஒரு கோட்டால் வெட்டி, அது தெரியும்படி விட்டு, புதியதை எழுதிக் கையெழுத்து வைக்கட்டும். வெள்ளை மை பூசிய புள்ளித்தாளை யாரும் நம்பமாட்டார்கள்.

அப்புறம், 70உம் 72உம் வந்தால் 72 நல்ல ஆசிரியர் என்று அடித்துச் சொல்ல முடியாது, இந்தத் தாளுக்கு அவ்வளவு கூர்மை கிடையாது. மூன்று புள்ளிக்குள் வந்தால் மாதிரிப் பாடத்தில் கூட எடுத்தவருக்கு இடம், மாதிரிப் பாடத்தில் சராசரி 3க்குக் கீழே போனவர் மொத்தத்தில் முதலாவதாக வந்தாலும் எடுப்பதில்லை என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். ஆறு பேரும் 3க்குக் கீழே போனால் ஒருவரையும் எடுக்காமல் திரும்ப விளம்பரம் போடுங்கள். தெரிவாகாத ஐந்து பேருக்கும் ஒரு கிழமைக்குள் அவரவர் புள்ளியைக் கொடுங்கள், மற்றவர்களுடையதைக் காட்ட வேண்டாம். தாள்களை ஒரு உறையில் போட்டு ஒட்டி, மூவரும் கையெழுத்து வைத்து, தலைவர் வீட்டில் இல்லாமல் நிலையத்து அலுமாரியில் வையுங்கள்.