எந்த ஜிட்டர் எண்ணை நம்பி வாங்குவது?

கேள்வி: எங்கள் கேமரா பலகைக்கு நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் அனுப்பும் தொகுதி ஒன்று வாங்கவேண்டும். இரண்டு விற்பனையாளர்கள் மாதிரி தந்தார்கள். ஆசிலாஸ்கோப்பில் பத்தாயிரம் விளிம்புகளை அளந்தபோது முதலாவதில் உச்சத்துக்கு உச்சம் 75 பிக்கோ நொடி ஜிட்டர் வந்தது. இரண்டாவதில் 67 தான். இரண்டாவது விலையும் குறைவு. எங்கள் ஏற்பிக்கு லட்சம் கோடி பிட்டுக்கு ஒரு பிழை என்ற அளவில் 95 பிக்கோ நொடி வரை தாங்கும். இரண்டாவதையே வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம், சற்றுப் பொறுங்கள். நீங்கள் அளந்தது பத்தாயிரம் விளிம்புகளை. உங்களுக்குத் தேவையான உறுதி லட்சம் கோடி பிட்டுக்கானது. இந்த இடைவெளியில்தான் 67 என்ற எண் ஏமாற்றுகிறது.

ஜிட்டர் என்பது சிக்னலின் விளிம்பு வரவேண்டிய நேரத்திலிருந்து முன்பின் நகர்வது. அதில் இரண்டு வகை கலந்திருக்கிறது. நிர்ணய ஜிட்டருக்கு (தரவுத்தாளில் DJ) ஒரு காரணம் உண்டு: கேபிள் உயர் அதிர்வெண்களை விழுங்குவது, மின்வழங்கியின் ஸ்விட்சிங் இரைச்சல், 1-க்கும் 0-க்கும் கால அளவு சமமாக இல்லாமை. எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது ஓர் எல்லையைத் தாண்டாது. தற்செயல் ஜிட்டர் (RJ) வெப்ப இரைச்சல் போன்றவற்றிலிருந்து பிறக்கிறது. அதன் பரவல் மணி வடிவம். வால் முடிவதே இல்லை. அதனால் அதற்கு உச்சத்துக்கு உச்சம் என்று நிலையான எண் கிடையாது. நேரம் கூடக் கூட எண்ணும் கூடும். அதைத் திட்டவிலக்கத்தால், அதாவது ஆர்எம்எஸ் மதிப்பால்தான் சொல்ல முடியும்.

இரண்டையும் சேர்த்து மொத்த ஜிட்டரை, அதாவது TJ-ஐ, BER என்னும் பிட் பிழை வீதத்துக்கு மதிப்பிடும் சூத்திரம் இது:

```
TJ = DJ + 14.07 × RJ     (BER = 1e-12)
```

மணி வடிவத்தில் ஒரு பக்க வால் லட்சம் கோடியில் ஒரு பங்காகச் சுருங்க, நடுவிலிருந்து 7.03 திட்டவிலக்கம் தள்ளிப் போகவேண்டும். இரு பக்கத்துக்கும் சேர்த்து 14.07. நீங்கள் அளந்த பத்தாயிரம் விளிம்புகளில் அந்தப் பெருக்கு எண் சுமார் 7.5 அளவில்தான் நிற்கும்.

இப்போது உங்கள் மாதிரிகளுக்கு வருவோம். முதலாவதில் DJ 60, RJ 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுகிய அளவீட்டில் 60 + 15 = 75; லட்சம் கோடியில் 60 + 28 = 88. இரண்டாவதில் DJ 30, RJ 5 என்றால் குறுகிய அளவீட்டில் 30 + 37.5, ஏறத்தாழ நீங்கள் கண்ட 67. ஆனால் லட்சம் கோடியில் 30 + 70 = 100. உங்கள் 95-ஐ அது தாண்டிவிட்டது. இந்தப் பிரிவு என் ஊகம்தான். உங்கள் அளவீடு அதற்கு இடம் தருகிறது. ஆகவே விற்பனையாளரிடம் RJ, DJ இரண்டையும் தனித்தனியே எழுத்தில் கேளுங்கள். ‘ஜிட்டர் 67’ என்று ஒற்றை எண்ணைத் தருபவரிடம் எத்தனை விளிம்புகளில் அளந்தது என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். ஆசிலாஸ்கோப்பை ஓடவிட்டு, உச்ச அளவைப் பத்தாயிரத்திலும், பிறகு பத்து லட்சத்திலும் குறித்துக்கொள்ளுங்கள். வளர்ந்துகொண்டே போனால் தற்செயல் பங்கு பெரிது; விரைவில் நின்றுவிட்டால் நிர்ணயப் பங்கு பெரிது. ஆனால் உங்கள் கருவியின் சொந்த ஜிட்டரும் இதில் சேரும். RJ ஒரு பிக்கோ நொடி கூடினாலே மொத்தம் 14 கூடும் என்பதால் அதைச் சாதாரணமாக விடக்கூடாது.

இன்னொரு காரணத்துக்காகவும் நான் முதலாவதின் பக்கம். நிர்ணய ஜிட்டர் கேபிளால் வந்தது என்றால், கேபிள் விழுங்கியதை ஈடுசெய்யும் ஈக்வலைசர் கொண்டோ கேபிளைச் சுருக்கியோ அதைப் பெரும்பாலும் குறைத்துவிடலாம். தற்செயல் ஜிட்டரை ஈக்வலைசர் அப்படி நீக்காது. ஒரு எச்சரிக்கை: சூத்திரத்தில் வரும் DJ, பரவலின் வால்களுக்குப் பொருந்தும்படி ஒரு கணித மாதிரியிலிருந்து எடுக்கப்படுவது, நேரடியாக அளந்த DJ-ஐ விடப் பொதுவாகச் சிறியது. இரு விற்பனையாளரும் வெவ்வேறு வழியில் அதைச் சொல்லியிருந்தால் எண்களை ஒப்பிடவே முடியாது.

கடைசிச் சோதனை உங்கள் ஏற்பியோடு சேர்த்தே நடக்கவேண்டும். மூன்று லட்சம் கோடி பிட்டுகள் பிழையின்றிப் போனால், பிழை வீதம் இலக்குக்குள் இருக்கிறது என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். உங்கள் வேகத்தில் அதற்குப் பத்து நிமிடம்தான் ஆகும். இதே உறுதியை ஆயிரம் மடங்கு கடுமையாகக் கேட்டால் ஏழு நாள் ஓடவேண்டும். அங்கேதான் சூத்திரத்தைக் கொண்டு மதிப்பிடுகிறோம். உங்களுக்குப் பத்து நிமிடம் போதும் என்பதால், உங்கள் கேபிளிலேயே இரண்டு மாதிரிகளையும் ஓட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.