தொடர்மாடி வீட்டில் களிமண் பிள்ளையார்

வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருக்கிறோம். சதுர்த்திக்குப் பிள்ளையார் செய்து, கடலில் போடாமல் வீட்டிலேயே கரைக்கலாமா?

தாராளமாக. சட்டி பானை செய்யும் களிமண் ஒரு கிலோ போதும். வயிறுதான் தடிப்பு, அதனால் முதலில் வெடிப்பதும் அதுதான். அடியிலிருந்து விரலால் குடைந்துவிட்டு நிழலில் உலர விடுங்கள். பெயின்ட் வேண்டாம், சுடவும் வேண்டாம், சுட்ட மண் கரையாது. கண்ணுக்கு இரண்டு மிளகு. பூசை வழக்கம்போல அறுகம்புல், மோதகத்தோடு.

கரைக்கும்போதுதான் பலர் தடுமாறுவார்கள். ஈரக் களிமண் லேசில் கரையாது. உள்வரை காய்ந்ததுதான் தண்ணீர் பட்டதும் பொலபொலவென உதிரும். மாலையைக் கழற்றிவிட்டு, வாளித் தண்ணீரில் முழுக்க மூழ்க வையுங்கள். குமிழி விட்டபடி இளகும். அந்தக் குழம்பை சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும். தெளிந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றி, அடியில் தங்கும் களியைப் பூச்சட்டி மண்ணோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து விடுங்கள்.