கடன் வாங்கி எம்பிஏ வேண்டாம், முதலில் ரெஸ்யூமின் அந்த நான்கு வரியை மாற்றுங்கள்

போன வாரம் ஒரு அம்மா, அப்பா, நடுவில் அவர்கள் மகன் என்று மூன்று பேரும் வேலை ஆலோசனை கேட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தார்கள். பையனுக்கு 30 வயது. ஒரு ஹோட்டலில் ரெஸ்டாரண்ட் மேனேஜர். ஓட்டல் துறையில் மொத்தம் 8 வருஷம், அதில் கடைசி 3 வருஷம் மேனேஜராக. பெரிய ஹோட்டல்களுக்கு இருபது விண்ணப்பம் போட்டும் ஒரு அழைப்புகூட வரவில்லை. அம்மா கையில் வெளிநாட்டு எம்பிஏ ஒன்றின் விளம்பரப் புத்தகம். பையனின் மாமா சொன்னாராம், டிகிரி இல்லாமல் மேலே போகவே முடியாது என்று. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாம் என்று பேச்சு ஓடுகிறது.

இரண்டு நிமிஷம் ஆறுதலாகப் பேசிவிட்டு நிறுத்திக்கொண்டேன். ஏனென்றால் பையனிடம் கேட்டேன், ஒரு நாளில் உனக்குப் பிடித்த நேரம் எது என்று. யோசிக்கவே இல்லை, "சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணி, எல்லா மேசையும் நிரம்பி இருக்கும்போது" என்றார். இவரைக் கடன் போட்டு படிக்க அனுப்பி, ஆபீஸில் உட்காரவைக்கும் வேலைக்குத் தயார் செய்வதில் என்ன அர்த்தம்? அம்மாவிடம் நேராகவே சொன்னேன்: அம்மா, பத்திரத்தைத் திரும்ப பீரோவில் வையுங்கள், பிரச்சினை படிப்பில் இல்லை, இந்தப் பேப்பரில் இருக்கிறது.

ரெஸ்யூமில் பெயருக்குக் கீழே வரும் சுருக்கத்தைத்தான் சொல்கிறேன். அவர் எழுதியிருந்தது: கடின உழைப்பாளி, விருந்தோம்பலில் ஆர்வம் மிக்கவர், சிறந்த தலைமைப் பண்பு கொண்டவர், 60 பேர் கொண்ட குழுவை நிர்வகித்தவர், வாடிக்கையாளர் திருப்தியை 10% உயர்த்தியவர். முதல் மூன்றையும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். கடைசி இரண்டில் எண் இருக்கிறது, ஆனால் இரண்டுமே இண்டர்வியூவில் கவிழ்த்துவிடும் எண்கள்.

60 பேரை எடுத்துக்கொள்வோம். யார் யார் என்று கேட்டேன். சமையலறை, பேங்க்வெட், ரூம் சர்வீஸ் எல்லாம் சேர்த்து அந்தத் துறையே 60 பேர். அவர்கள் இவருக்கு மேலே இருக்கும், உணவு, பானப் பிரிவு முழுவதையும் பார்க்கும் எஃப் அண்ட் பி மேனேஜருக்குக் கீழே வருகிறவர்கள். இவர் டூட்டி போடுவது, லீவு கொடுப்பது, மதிப்பீடு எழுதுவது எல்லாம் 32 பேருக்கு: 20 நிரந்தரம், 12 ஒப்பந்தம். ஒரு ஷிஃப்டில் தளத்தில் நிற்பது 14 பேர். அப்படியானால் 32 என்றுதான் எழுத வேண்டும். பழைய இடத்துக்கு ஒரு போன் போட்டாலே 60 உடைந்துவிடும், அதோடு மற்ற எண்களையும் யாரும் நம்பமாட்டார்கள். 32 சின்ன எண்ணும் இல்லை.

அப்புறம் அந்த 10%. கெஸ்ட் சர்வே மதிப்பெண் நூற்றுக்கு 78 இருந்தது, 14 மாதத்தில் 86 ஆனது. எட்டைப் 78 ஆல் வகுத்தால் பத்துச் சொச்சம் வரும், கணக்கு தப்பில்லை. ஆனால் படிப்பவருக்கு எங்கிருந்து எங்கே என்று தெரியாது. 50-லிருந்து 55-க்கு ஏறினாலும் 10% தானே. அதனால் 78-லிருந்து 86 என்று அப்படியே போட வேண்டும், நூற்றுக்கு என்பதையும் சொல்ல வேண்டும். சில ஹோட்டல்கள் என்பிஎஸ் பார்ப்பார்கள்: 9, 10 கொடுத்தவர்களின் சதவீதத்திலிருந்து 0 முதல் 6 வரை கொடுத்தவர்களின் சதவீதத்தைக் கழித்து வரும் எண் அது, மைனஸ் 100 முதல் ப்ளஸ் 100 வரை போகும். அங்கே 45 என்பதே நல்ல எண், நூற்றுக்கு என்று நினைத்துப் படித்தால் பெயிலான மாதிரி இருக்கும். எந்த அளவுகோல் என்று சொல்லாத எண்ணால் பயனில்லை.

இன்னொரு கேள்வியும் கேட்டேன், இது ஹோட்டல் முழுக்கக் கொடுத்த மதிப்பெண்ணா, ரெஸ்டாரண்டுக்கு மட்டுமா? இது முக்கியம், ஏனென்றால் அந்த வருஷம் அறைகளைப் புதுப்பித்திருக்கிறார்கள். புது மெத்தை போட்டதால் ஏறிய மதிப்பெண்ணை ரெஸ்டாரண்ட் மேனேஜர் தன் கணக்கில் எழுதிக்கொண்டால், அனுபவம் உள்ள ஜெனரல் மேனேஜர் இரண்டாவது கேள்வியிலேயே பிடித்துவிடுவார். நல்ல வேளை, ரெஸ்டாரண்டுக்குத் தனி மதிப்பெண் இருந்தது. மாதம் 90 பேர் அளவில் சர்வேக்குப் பதில் போட்டிருக்கிறார்கள், அது போதும். மாதம் ஏழெட்டுப் பேர் என்றால் ஒரே ஒரு கோபக்காரர் மதிப்பெண்ணைத் தலைகீழாக்கிவிடுவார், அதைப் பெருமையாகப் போடக்கூடாது.

சரி, ஏன் ஏறியது? இதை அவர் ரெஸ்யூமில் எழுதவே இல்லை! புகார்களைப் பிரித்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றி இல்லை, பில்லைப் பற்றி. ஒரு சனிக்கிழமை கையில் கடிகாரத்தோடு நின்று பார்த்திருக்கிறார், பில் கேட்டதிலிருந்து கார்டு திரும்ப வரும் வரை 16 நிமிடம். அத்தனை மேசைக்கும் ஒரே பில்லிங் கவுண்டர், எல்லாரும் அங்கேதான் வரிசை. இரண்டாவது கவுண்டர் கேட்டு வாங்கினார், கார்டு மிஷினை மேசைக்கே எடுத்துப்போக வைத்தார், கடைசி ஐட்டம் மேசைக்குப் போனதுமே கேப்டன் பில்லைத் தயாராக அடித்து வைக்க வேண்டும் என்றார். 6 நிமிடத்துக்கு வந்துவிட்டது. இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு "தலைமைப் பண்பு" என்று எழுதியிருக்கிறார்.

மிச்சம் இருப்பது ரெஸ்டாரண்டின் அளவு. விற்பனைத் தொகையைப் போடலாமா என்றார், வேண்டாம் என்றேன், அது கம்பெனியின் ரகசியம், வெளியே சொல்கிறவரைப் புது முதலாளியும் சந்தேகமாகத்தான் பார்ப்பார். இருக்கையும் கவரும் போதும், கவர் என்றால் சாப்பிட வந்தவர்களின் எண்ணிக்கை. 120 இருக்கை, வார நாளில் 210 கவர், சனி ஞாயிறு 340. ஐந்து நாளுக்கு 1,050, இரண்டு நாளுக்கு 680, வாரத்துக்கு 1,730, நாளுக்கு 247 வருகிறது. சுமார் 245 என்று போட்டால் போதும். 120 இருக்கையில் 340 கவர் என்றால் ஒவ்வொரு இருக்கையும் கிட்டத்தட்ட மூன்று முறை திரும்புகிறது, அந்த வேகம் தெரிந்தவருக்கு அந்த ஒரு வரியிலேயே புரிந்துவிடும்.

கடைசியில் வந்தது இது:

"120 இருக்கை ஹோட்டல் ரெஸ்டாரண்டின் மேனேஜர், துறையில் 8 ஆண்டு, மேனேஜராக 3 ஆண்டு. நாளுக்குச் சராசரியாகச் சுமார் 245 கவர், வார இறுதியில் 340. நேரடிப் பொறுப்பில் 32 பேர் கொண்ட சர்வீஸ் குழு. பில்லிங் நேரத்தை 16 நிமிடத்திலிருந்து 6-க்குக் குறைத்து, ரெஸ்டாரண்டின் கெஸ்ட் மதிப்பெண்ணை 14 மாதத்தில் 100-க்கு 78-லிருந்து 86-க்குக் கொண்டுவந்தவர்."

இதற்கு மேல் ஒரு எண்கூட வேண்டாம், மீதியைக் கீழே வேலை விவரத்தில் வைக்கலாம். அறைகளையும் சேர்த்துப் பார்க்கும் பதவிக்குப் போடும்போது மட்டும் ஒரு சிக்கல்: இவருக்கு அறைகளின் அனுபவம் இல்லை, அதை மறைக்கும் வார்த்தையை நான் தேடித்தரமாட்டேன். ரெஸ்டாரண்டில் இருந்து அடுத்த படியான அசிஸ்டென்ட் எஃப் அண்ட் பி மேனேஜர் பதவிக்கு முதலில் போடட்டும், இரண்டு மூன்று ரெஸ்டாரண்ட்கள் கையில் வந்தபின் அதைப் பார்க்கலாம்.

அப்பா அதுவரை பேசவே இல்லை. "அப்போ மாமாவுக்கு என்ன சொல்றது?" என்றார். கடனை அவர் கட்டுவாரா என்று கேளுங்கள் என்றேன், அந்த அம்மா முதல்முறையாகச் சிரித்தார்.

பையனுக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பினேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, போன மாதத்துக் கவர், குழுவின் எண்ணிக்கை, மதிப்பெண், எத்தனை பேர் பதில் போட்டார்கள் என்ற நான்கையும் சொந்த நோட்டில் எழுதி வைக்க வேண்டும். ரிப்போர்ட்டை நகல் எடுக்கவோ கெஸ்ட் பெயர்களைக் குறிக்கவோ கூடாது, எண் மட்டும். ராஜினாமா கொடுத்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால், அன்று சாயங்காலமே லாகின் மூடிவிடுவார்கள்.