லாபமும் நஷ்டமும் ஒரே காலாண்டில்: எதைப் பார்ப்பது?

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கிறேன். நான் பங்கு வாங்க நினைக்கும் கம்பெனியின் காலாண்டு முடிவில், ஸ்டாண்ட்அலோனில் 20 கோடி லாபம் என்றும் கன்சாலிடேட்டடில் 5 கோடி நஷ்டம் என்றும் போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டும் சரியான கணக்குதான். ஆனால் குழுமம் முழுவதும் எப்படி நடக்கிறது என்று தெரிய கன்சாலிடேட்டடைத்தான் பார்க்க வேண்டும். ஸ்டாண்ட்அலோன் தாய்க் கம்பெனியை மட்டும் காட்டும். துணை நிறுவனத்தில் போட்ட பணம் அதில் முதலீடு என்று பெரும்பாலும் ஒரே வரியில் நின்றுவிடும்.

உங்கள் எண்கள் எப்படி வந்திருக்கலாம் என்று ஒரு கற்பனைக் கணக்கில் பாருங்கள். வரியை விட்டுவிடுவோம். தாய்க் கம்பெனி 80 கோடிக்குத் தயாரித்த சரக்கைத் தனக்கே முழுதும் சொந்தமான விற்பனைக் கம்பெனிக்கு 100 கோடிக்கு விற்கிறது. ஸ்டாண்ட்அலோனில் 20 கோடி லாபம் பதிவாகிவிடும். விற்பனைக் கம்பெனியோ பாதிச் சரக்கைத்தான் 60 கோடிக்கு வெளியே விற்றது. கடை வாடகை, வட்டி எல்லாம் சேர்த்து 25 கோடி செலவு. மீதிச் சரக்கு கிடங்கில் கிடக்கிறது.

கன்சாலிடேட்டடில் அந்த 100 கோடி விற்பனையே கிடையாது, வீட்டுக்குள் கைமாறியது என்று அடித்துவிடுவார்கள். வெளியாருக்கு விற்ற 60 கோடிதான் வருவாய். அந்தப் பாதிச் சரக்கின் அசல் செலவு 40, மற்ற செலவு 25. மிச்சம் 5 கோடி நஷ்டம். இரு கம்பெனிகளின் லாப நஷ்டத்தைச் சும்மா கூட்டினால் (20 கழித்தல் 15) 5 கோடி லாபம் வரும், அது தவறு. கிடங்கில் இருக்கும் சரக்கில் ஏறியிருக்கும் 10 கோடி இன்னும் சம்பாதிக்கப்படாத லாபம். அதையும் கழிக்க வேண்டும்.

கடனிலும் இதே கதைதான். துணை நிறுவனம் வாங்கிய வங்கிக் கடன் தாயின் ஸ்டாண்ட்அலோன் கடன் பட்டியலில் வராது. தாய் ஜாமீன் போட்டிருந்தால், அது பெரும்பாலும் குறிப்புகளில் 'கன்டிஞ்சென்ட் லயபிலிட்டீஸ்' என்ற தலைப்பின் கீழ்தான் தெரியும். கன்சாலிடேட்டடில் முழுக் கடனும் வந்துவிடும். ஆனால் 20% அளவுக்குப் பங்கு வைத்திருக்கும் அசோசியேட் நிறுவனங்களின் கடன் இதிலும் வராது. அவற்றின் லாபத்தில் தாயின் பங்கு மட்டும் ஒரு வரியாக வரும்.

பங்கு விலை லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்று பி/இ போடும்போது, ஒரு பங்குக்கான லாபமான இ.பி.எஸ்ஸைக் கன்சாலிடேட்டடிலிருந்தே எடுங்கள். டிவிடெண்ட் வருமா என்று பார்ப்பதற்கு மட்டும் ஸ்டாண்ட்அலோனுக்குத் திரும்புங்கள். சட்டப்படி தாய்க் கம்பெனியின் சொந்த லாபத்திலிருந்தும் முந்தைய ஆண்டுகளில் அது சேர்த்து வைத்த லாபத்திலிருந்தும்தான் அதைக் கொடுக்க முடியும்.

எந்தத் துணை நிறுவனம் பணத்தைக் கரைக்கிறது என்று கண்டுபிடிக்க, ஆண்டறிக்கை பிடிஎஃப்பில் AOC-1 என்று தேடுங்கள். ஒவ்வொரு துணை நிறுவனத்தின் விற்பனை, லாபம், மொத்தப் பொறுப்பு எல்லாம் அங்கே தனித்தனியாக இருக்கும்.